கந்தகம் குறைந்த டீசலும் பழைய ரோட்டரி பம்பும்

"அண்ணா, பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பா 1997-இல் வாங்கிய டிராக்டர், ரோட்டரி பம்ப் வைத்தது, இன்னும் ஓடுகிறது. தக்காளி லோடு ஏற்றி ராயக்கோட்டை மண்டிக்குப் போய் இறக்கி, கால் மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. காலையில் குளிரில் நன்றாகப் பிடிக்கிறது. பம்ப் பக்கத்தில் டீசல் கசிவும் இருக்கிறது. இப்போது வரும் டீசலில் கந்தகமே இல்லை, அதனால் லூப்ரிகேஷன் இல்லாமல் பம்ப் தேய்ந்துபோய்விட்டது, இனிமேல் 2டி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?"

தம்பி, பம்ப் தேய்ந்திருக்கலாம். ஆனால் டீசலில் கந்தகம் குறைந்ததால் அது தேய்ந்தது என்பது பெரும்பாலும் சரியில்லை. தருமபுரியில் டீசல் பம்ப் பெஞ்சில் முப்பது வருஷமாக நிற்கிறேன். இதே கேள்வியோடு வந்த பம்புகளை நிறையப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கந்தகக் கணக்கு. அப்பா வண்டி வாங்கிய காலத்தை ஒட்டி, டீசலில் ஒரு விழுக்காடு வரை, அதாவது 10,000 பிபிஎம் வரை கந்தகம் இருந்தது. 2000-இல் அது நாடு முழுக்க 2,500 ஆனது. பிறகு பாரத் ஸ்டேஜ் என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிகளில், பிஎஸ்-2 காலத்தில் 500, பிஎஸ்-3-இல் 350, 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 வந்தபோது 50, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது 10. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி சொன்னால், 50 லிட்டர் டேங்க் நிறைய டீசல் ஏறக்குறைய 41 கிலோ எடை. 2,500 பிபிஎம் காலத்தில் அதற்குள் நூறு கிராம் கந்தகம் இருந்தது. இன்று அரை கிராம்கூட இல்லை. ஆக, கந்தகமே இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் அந்த அளவில் தப்பாகச் சொல்லவில்லை.

அவர்கள் தவறுகிற இடம் அடுத்தது. டீசலுக்குள் பம்பை வழுக்கிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது கந்தகம் இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த டீசலில் ஆக்ஸிஜன், நைட்ரஜன் சேர்ந்த சில மூலக்கூறுகள் மிகக் கொஞ்சமாக இருக்கும். அவற்றின் ஒரு முனை இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும், மறு முனை எண்ணெய்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படி இரும்பின் மேல் பரவுகிற மெல்லிய படலம்தான் இரண்டு உலோகங்களும் நேராக உரசாமல் தடுக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் கந்தகத்தை எடுக்கும்போது, அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் டீசலோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, வினையூக்கி மேல் ஓட விடுகிறார்கள். கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகிப் பிரிந்துபோகிறது. அதே வேலையில் அந்த ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளும் சேர்ந்து அழிந்துபோகின்றன. கந்தகம் குறைவதும் மசகுத்தன்மை குறைவதும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று பேச்சு பரவிவிட்டது.

இந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. 1991-இல் ஸ்வீடனில் கந்தகம் மிகவும் குறைந்த டீசலை விற்பனைக்கு விட்டார்கள். அப்போது மசகு மருந்து எதுவும் சேர்க்கவில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதுமே கார்களின் ரோட்டரி பம்புகள் தேய்ந்து கெட்டுப்போயின. பெரிய லாரிகளில் இருந்த இன்லைன் பம்புகளுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், டீசலை விற்பதற்கு முன்பே மசகுத்தன்மைக்கு ஒரு சோதனை வைக்க வேண்டும் என்கிற முடிவுக்கு உலகம் வந்தது.

அந்தச் சோதனைக்கு எச்எஃப்ஆர்ஆர் என்று பெயர். சின்ன கிண்ணத்தில் 2 மில்லி டீசலை ஊற்றி, 60 டிகிரி சூட்டில் வைத்து, அதற்குள் ஒரு இரும்புத் தகட்டின் மேல் 6 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஒன்றை 200 கிராம் எடையோடு அழுத்துவார்கள். குண்டு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் தூரம் தேய்க்கும். 75 நிமிஷம் இப்படி ஓடவிட்டு, குண்டில் விழுந்த தேய்ந்த வட்டத்தின் அகலத்தை மைக்ரோஸ்கோப்பில் அளப்பார்கள். நம் நாட்டு டீசலுக்கான ஐஎஸ் 1460 தரத்தில் அந்தத் தேய்மானம் 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐரோப்பாவிலும் இதே 460-தான், அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். அந்த வகையில் நம் வரம்பு அமெரிக்க வரம்பைவிடக் கறாரானது.

கந்தகம் எடுத்த டீசல் அப்படியே இந்தச் சோதனையில் தேறாமல் போகலாம். அதனால் கொழுப்பு அமிலம் அல்லது எஸ்டர் வகை மருந்து ஒன்றைக் கலக்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 100, 200 மில்லி என்ற அளவில் போதும். இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். அதன் வேலை இரும்பின் மேல் ஒட்டுவது மட்டும்தான். ஒட்டுவதற்கு இடம் இருக்கிற அளவுக்கு மேல் ஊற்றினாலும் படலம் தடிமனாகாது. இந்த வேலையைச் செய்து முடித்த டீசலைத்தான் பங்கில் உங்கள் டேங்கில் விடுகிறார்கள். அப்பா 1997-இல் ஊற்றிய டீசலுக்கு இப்படி ஒரு மசகு எல்லையே கிடையாது. இயற்கையாக இருந்ததுதான் இருந்தது.

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொண்டு வந்தாலும் இதே கதைதான். விலை மாறலாம், தரம் நாடு முழுக்க ஒன்று.

சரி, இப்போது பம்புக்குள் வருவோம். இன்லைன் பம்பில் கீழே கேம் ஷாஃப்ட் ஓடுகிற அறை தனி, அங்கே என்ஜின் ஆயில் இருக்கும். மேலே எலிமெண்ட், டெலிவரி வால்வு இரண்டும்தான் டீசலில் ஓடும். பழைய லாரிகளில், குவாரி டிப்பர்களில் பார்ப்பது இந்த வகைதான். ரோட்டரி பம்பில் எல்லாமே டீசலுக்குள். கேம் ரிங், ரோலர், ரோலர் ஷூ, டிரான்ஸ்ஃபர் பம்பின் பிளேடு, மீட்டரிங் வால்வு, கடைசியில் ஹெட்டும் ரோட்டாரும் என்று ஒரு சொட்டு என்ஜின் ஆயில் படாமல் ஓடுகின்றன. டீசலே எரிபொருள், டீசலே மசகு. ஸ்வீடனில் ரோட்டரி மட்டும் அடி வாங்கியது இதனால்தான். உங்கள் வண்டி ரோட்டரி என்பதால் நீங்கள் கவலைப்பட்டது நியாயம்.

ஹெட்டுக்குள் சுற்றுகிற ரோட்டார்தான் ஒவ்வொரு நாசிலுக்கும் டீசலை அனுப்புகிறது. இரண்டும் மிகவும் நுட்பமான ஜோடி. நடுவில் ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளிதான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு மாதிரி. இரண்டையும் ஒன்றாகத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பம்பின் ரோட்டாரை எடுத்து இன்னொரு ஹெட்டில் போட முடியாது. இந்த இடைவெளி பெரிதானால் என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் ராயக்கோட்டைப் பிரச்சினை.

என்ஜினைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் நிமிஷத்துக்கு 150, 200 சுற்றுதான் சுற்றும். ரோட்டார் அதற்கும் பாதி வேகம். ஒவ்வொரு நாசிலுக்கும் அழுத்தம் கட்டுவதற்கு நேரம் நிறைய, அந்த நேரம் முழுக்க டீசல் இடைவெளி வழியே பின்னால் கசிந்துகொண்டே இருக்கும். குளிரில் டீசல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், கசிவு குறைவு, நாசில் திறக்கும் அழுத்தம் கட்டிவிடும். லோடு இழுத்துவிட்டு மண்டியில் நிறுத்தினால் என்ஜினின் சூடு அடுத்த கால் மணி நேரத்தில் பம்புக்கு ஏறும். டீசல் இளகி மெலிந்துவிடும். அப்போது நாசில் திறப்பதற்குள் டீசல் பின்னால் ஓடிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நிற்காது, ஏனென்றால் ஓட்டத்தில் சுற்று அதிகம், கசிவதற்கு நேரம் இல்லை. நிறுத்தினால்தான் தொல்லை. குளிரில் பிடிப்பதும் சூட்டில் பிடிக்காததும் ஒரே வண்டியில் இருந்தால் என் கை முதலில் போவது ஹெட் ரோட்டாரிடம்.

இதைப் பம்பைக் கழற்றாமலே சோதிக்கலாம். அதற்கு முன் பேட்டரி, ஸ்டார்ட்டர் சூட்டில் மெதுவாகச் சுற்றுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் பம்ப் மேல் பழி போடாதீர்கள். அடுத்து, டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் காற்று ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பில்டர் மேல் உள்ள பிளீடர் ஸ்குரூவைத் தளர்த்தி கை பிரைமரை அடித்தால் நுரை இல்லாமல் டீசல் வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் சூட்டில் பிடிக்கவில்லை என்றால், என்ஜினை நிறுத்திய நிலையில் ஒரு பழைய சாக்கைப் பம்ப் மேல் சுற்றி, பச்சைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஐந்து, பத்து நிமிஷம் நனைய விடுங்கள். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டால், ஹெட் ரோட்டார் தேய்ந்தது உறுதி. பம்ப் குளிர்ந்து, உள்ளே டீசல் திரும்பக் கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை, என்ஜின் ஓடும்போது சூடான பம்ப் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளிப்புறம் சட்டென்று சுருங்கி உள்ளே ரோட்டார் கவ்விப் பிடித்து உடைந்துபோகும். அப்படி உடைந்த பம்ப் என் மேசைக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் தேய்ந்தது எதனால்? இங்கேதான் பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும். தேய்மானம் தன் காரணத்தை உலோகத்தின் மேல் எழுதி வைத்திருக்கும்.

மசகு போதாமல் தேய்ந்த இடம் ரோலர் ஷூவிலும் கேம் ரிங்கிலும் தெரியும். அங்கே உலோகம் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிப் பிடுங்கிய மாதிரி தழும்பு இருக்கும், கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். மண் போய்த் தேய்ந்தால், ரோட்டாரின் மேல் ஓட்டத்தின் திசையிலேயே மெல்லிய கீறல்கள் வரிசையாக ஓடும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். தண்ணீர் போனால் அதன் அடையாளம் இன்னும் தெளிவு, பழுப்புக் கறையும், கறையைத் துடைத்தால் அதற்கடியில் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்களும் இருக்கும். 2020-க்குப் பிறகு "பிஎஸ்-6 டீசல்தான் கெடுத்தது" என்று சொல்லி வந்த பம்புகளில் நான் பார்த்தது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான். முதலாவது அடையாளத்தோடு வந்தவை மிகக் குறைவு. அவற்றிலும் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியது பேச்சில் தெரிந்துவிட்டது.

ஒன்றைச் சொல்கிறேன். மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து ஒரு டிராக்டர், உங்களுடையதைப் போலவே ரோட்டரி, கிட்டத்தட்ட அதே வயசு. வண்டிக்காரர் மழைக்காலம் முடிந்ததும் கொண்டுவந்தார். புகை விட்டுவிட்டு ஐடிலில் விழுகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சட்டென்று ஏறி ஓடுகிறது என்றார். கந்தகம் இல்லாத டீசலால்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். பம்பைப் பிரிப்பதற்கு முன் நான் கேட்டது, டீசலை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். வீட்டுப் பக்கம் 200 லிட்டர் இரும்பு டிரம், கொட்டகையின் ஓரத்தில் நிற்கவைத்து, மூடி சரியாக மூடாமல், அதிலிருந்து ஹோஸ் போட்டு வண்டிக்கு விடுவார். டிரம்மின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் டீசல் பிடித்து வரச் சொன்னேன். ஒரு இரவு அசையாமல் வைத்துப் பார்த்தோம். மேலே தெளிவாகப் பச்சை கலந்த மஞ்சள், அடியில் ஒரு விரல் கட்டைக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஆடை மாதிரி ஒரு படலம். அந்தப் படலம் தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில் வாழ்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும்.

பம்பைத் திறந்ததும் மீட்டரிங் வால்வு கையில் வந்த விதத்திலேயே விஷயம் தெரிந்தது. சுதந்திரமாகச் சுழல வேண்டிய வால்வு ஒரு இடத்தில் கரகரவென்று சிக்கியது. மேலே பழுப்புக் கறை. என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சொல்கிறபடி அது திறக்கவும் மூடவும் முடியாததால்தான் ஐடிலில் விழுவதும், திடீரென்று ஏறுவதும். ரோலர் ஷூவையும் கேம் ரிங்கையும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த வயசுக்கு அவை நன்றாகவே இருந்தன, ஒட்டிப் பிடுங்கிய தழும்பு எங்குமே இல்லை. டீசல் வழுக்கவில்லை என்றால் முதலில் அழுதிருக்க வேண்டிய இடம் அதுதான். தண்ணீரும் மண்ணும் அடியில் தங்குகிற செடிமெண்ட் பவுலைப் பற்றிக் கேட்டேன், எப்போது கடைசியாகக் கழுவினார்கள் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. வால்வை மாற்றி, சீல் கிட் போட்டு, டேங்கைக் கழற்றிக் கழுவி, பம்பை பெஞ்சில் ஏற்றி அளவு வைத்துக் கொடுத்தோம். டிரம்மைப் படுக்க வைத்து, முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி பின்னால் சாய்த்து, அடியில் ஒரு நாலு விரல் டீசலைத் தொடாமல் மேலிருந்து எடுக்கச் சொன்னேன். அதே பங்கின் டீசல்தான் இப்போதும் ஓடுகிறது.

இனி உங்கள் கசிவு. இங்கே மட்டும் புது டீசலுக்கு உண்மையாகவே ஒரு பங்கு உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய பம்புகளில் உள்ள ஓ-ரிங்குகள் நைட்ரைல் ரப்பர். பழைய டீசலில் அரோமேட்டிக் என்கிற வகைப் பொருட்கள் அதிகம், ரப்பர் அதைக் குடித்து ஊதிப் பெரிதாகி வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது. கந்தகத்தை எடுக்கிற வேலையில் அரோமேட்டிக்கும் குறைகிறது. ரப்பருக்குள் ஊறியது வெளியே வந்துவிடுகிறது. புது ரப்பராக இருந்தால் சுருங்கிவிட்டுத் தன் இடத்தில் இறுக்கமாக உட்காரும். இருபது வருஷம் சூட்டில் வெந்த ரப்பர் விறைத்துப்போயிருக்கும், சுருங்கினால் சுருங்கியதுதான். இடைவெளி விழுந்து டீசல் கசியும். 1993-இல் அமெரிக்காவில் குறைந்த கந்தக டீசலுக்கு மாறியபோது ஊர் முழுக்க கசிவுப் புகார் எழுந்தது இதனால்தான்.

இந்தச் சுருக்கம் டீசல் மாறுகிற சமயத்தில் ஒரு தடவை நடப்பது. சீலை மாற்றியபின் திரும்ப வராது. மாற்றும்போது வைட்டான் ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள். அந்த ரப்பர் பழைய டீசல், புது டீசல், பயோடீசல் கலந்தது எதற்கும் பெரிதாக மாறாது. பம்பின் மேல் மூடி, திராட்டில் ஷாஃப்ட், ஸ்டாப் லீவர் ஷாஃப்ட் இந்த மூன்று இடத்திலும் வெளியே கசிவது கண்ணுக்குத் தெரியும். அது காசுக்குத்தான் நஷ்டம், என்ஜினுக்குப் பெரிய கேடில்லை.

கேடு செய்கிற கசிவு கண்ணுக்குத் தெரியாதது. கியர் பக்கம் பம்பின் டிரைவ் ஷாஃப்டில் ஒரு சீல் இருக்கிறது. அது போனால் டீசல் டைமிங் கியர் அறைக்குள் வடிந்து, அங்கிருந்து சம்ப்புக்கு இறங்கும். என்ஜின் ஆயில் டீசலில் கரைந்து மெலியும். 7 லிட்டர் ஆயில் பிடிக்கும் சம்ப்பில் ஒரு லிட்டர் டீசல் சேர்ந்தால், எட்டில் ஒரு பங்கு டீசல். கிராங்க் பேரிங்குக்கு அந்த ஆயில் போதாது. தயவுசெய்து இன்றைக்கே டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளவை ஒரு மார்க்கரால் குறித்து வைத்து, பத்து மணி நேர வேலைக்குப் பின் மறுநாள் காலை அதே இடத்தில் பாருங்கள். பழைய என்ஜினில் ஆயில் கொஞ்சமாவது குறைய வேண்டும். குறையாமல் அதே இடத்தில் நின்றாலே சந்தேகம், ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு சொட்டு ஆயிலை நியூஸ் பேப்பரில் வைத்துப் பாருங்கள், நடுவில் கறுப்பும் சுற்றி அகலமாக ஒரு நிறமில்லாத ஈரவளையமும் பரவினால் டீசல் கலந்திருக்கிறது. முகர்ந்தாலும் தெரியும். அப்படி இருந்தால் அந்தச் சீலை மாற்றி ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை லோடில் போடாதீர்கள்.

2டி ஆயிலுக்கு வருகிறேன். 50 லிட்டருக்கு 250 மில்லி கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2டி ஆயில் எரிந்துபோவதற்காகவே செய்தது. அந்த அளவில் உங்கள் பழைய என்ஜினுக்குப் பெரிய தீங்கு வராது. ஆனால் 460 மைக்ரான் சோதனையில் தேறி வந்த டீசலுக்கு அது தேவையும் இல்லை. தேய்ந்துபோன ஹெட் ரோட்டாரின் இடைவெளியை அது நிரப்பவும் நிரப்பாது. மண்டியில் வண்டி நிற்பது நின்றுகொண்டேதான் இருக்கும். நான் அதைவிடப் பயப்படுவது, என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றுகிற பழக்கத்துக்குத்தான். அதில் உள்ள கரியும் உலோகத் தூளும் நம் துணி வடிகட்டியில் நிற்காது, அந்த ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளிக்குள் போய் அரைக்கும். ஆயிலில் உள்ள துத்தநாகம், கால்சியம் எரிந்து நாசில் நுனியில் சாம்பலாகப் படியும். நம் பக்கம் புங்கமரம் நிறைய, புங்க எண்ணெயை ஊற்றலாமா என்றும் ஒருவர் கேட்டார். பச்சை எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி, நாசிலில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிப்போகும். அதையே முறையாகப் பயோடீசலாக மாற்றினால் நல்ல மசகுதான், ஒன்றிரண்டு விழுக்காடு கலந்தாலே டீசலின் வழுக்கும் தன்மை நன்றாக ஏறும். தரம் தெரியாமல் கேனில் விற்கிற பயோடீசலை வாங்கி ஊற்றச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் தண்ணீரும் பிசினும் என்ன அளவு என்று யாருக்குத் தெரியும்?

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது டீசலைவிட மெலிந்தது, மசகும் குறைவு. தேய்ந்த ரோட்டரி பம்பில் அதைக் கலந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை முன்பைவிட அதிகமாகும், கேம் ரிங்கும் கெடும். பங்கில் வாங்குகிற டீசலில் சந்தேகம் வந்தால் அங்கேயே டென்சிட்டி பார்க்கச் சொல்லலாம். ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் எல்லா பங்கிலும் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். 15 டிகிரிக்குத் திருத்திய அளவும், லோடு இறங்கிய அன்று அவர்கள் பதிவேட்டில் எழுதிய அளவும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

என்ஜினின் மற்ற பகுதிகள் என்ன ஆகும் என்றும் கேட்டிருப்பீர்கள். அங்கே குறைந்த கந்தகம் நன்மைதான் செய்கிறது. கந்தகம் எரிந்து, தண்ணீர் ஆவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். அது லைனர் சுவரையும் ரிங்கையும் அரிக்கும். அதைத் தணிக்கத்தான் என்ஜின் ஆயிலில் காரப்பொருள் சேர்க்கிறார்கள். ஒரு டேங்க் டீசலில் கந்தகம் அரை கிராமுக்கும் கீழே போனபின் அந்தக் காரம் அவ்வளவு சீக்கிரம் தீர்வதில்லை. உங்கள் அப்பாவின் லைனருக்கு இன்றைய டீசல் 1997 டீசலைவிட மென்மையானது. சிலர் பெட்ரோலில் ஈயத்தை எடுத்தபோது பழைய வண்டிகளின் வால்வ் சீட் தேய்ந்த கதையை டீசலோடு போட்டுக் குழப்புகிறார்கள். டீசலில் அப்படி ஒன்று இல்லை.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. இன்று டிப் ஸ்டிக். நாளை பேட்டரியும் குழாயில் காற்றும். அடுத்த தடவை ராயக்கோட்டையில் வண்டி நின்றால் ஈரச் சாக்கு. டேங்கின் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து ஒரு பாட்டில் டீசல் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பார்ப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். சாக்கு நனைந்ததும் வண்டி பிடித்தால், பம்பைக் கழற்றி பெஞ்சில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங் சுற்றில் எத்தனை மில்லி அடிக்கிறது என்பதை, பம்ப் சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் குளிர்ந்த பம்பில் மட்டும் பார்த்துவிட்டு சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சூட்டில் அளவு விழுந்தால் ஹெட் ரோட்டார் செட்டாக மாற்ற வேண்டும், அது பல ஆயிரம். சீல் கிட் மட்டும் போதும் என்றால் சில நூறில் முடியும். பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரோலர் ஷூவையும் மீட்டரிங் வால்வையும் துணியால் துடைக்காமல் உங்கள் கையில் தரச் சொல்லி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தழும்பா, கீறலா, பழுப்புக் கறையா என்று பார்த்துவிட்டுச் சொன்னால், மாற்ற வேண்டியது பம்பின் உள்ளே மட்டுமா, வீட்டிலுள்ள டிரம்மையும் சேர்த்தா என்று நான் சொல்கிறேன்.